டீம் லீடுகளிடம் பட்ஜெட் கேட்டு மெயில் அனுப்புவது எப்படி: அடிக்கடி வரும் கேள்விகள்

ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கு வைக்கும் கம்பெனிகளில் இந்த மெயில் ஜனவரி முதல் வாரம் போகும். அதை எழுதும் பொறுப்பு முதல் முறையாகக் கைக்கு வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணம் எல்லாவற்றுக்கும் ஒரே கற்பனை டீம்தான்: சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியின் 14 பேர் கொண்ட கஸ்டமர் சப்போர்ட் டீம், பட்ஜெட் ஆண்டு 2026-27.

போன வருஷச் செலவுல பத்து சதவீதம் கூட்டிப் போட்டா முடிஞ்சுது, எதுக்கு ஒவ்வொரு லீடையும் கேட்கணும்?

நிற்கப்போகிற செலவும் அதில் பத்து சதவீதம் வளர்ந்துவிடும், புதிதாக வரப்போகிற செலவு அதில் இருக்கவே இருக்காது. சப்போர்ட் டீம் ஒரு டூலை ஜூனோடு நிறுத்தப்போகிறது, அக்டோபருக்குள் இரண்டு பேரைச் சேர்க்கப்போகிறது என்பதெல்லாம் பைனான்ஸுக்குத் தெரியாது, லீடுக்குத்தான் தெரியும். கீழிருந்து மேலே கட்டுகிற பட்ஜெட் என்பது அந்தத் தகவலை வாங்குவதற்கான வழி.

ஆனால் இதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாப் பதிலும் இதிலிருந்துதான் வருகிறது. லீடுக்குத் தெரிந்தது மூன்று: எத்தனை வேண்டும், எந்த மாதம் வேண்டும், ஏன் வேண்டும். விலை, வரி, சம்பளம், டாலர் மதிப்பு இவை பைனான்ஸிடமும் எச்ஆரிடமும் பர்சேஸிடமும் இருப்பவை. முதல் மூன்றை லீடிடம் கேளுங்கள், விலையை நீங்கள் போடுங்கள். “உங்கள் டீமுக்கு அடுத்த வருஷம் எவ்வளவு ரூபாய் வேண்டும்?” என்று கேட்டு மெயில் அனுப்பினால் ஒரு ஊகம் வரும், அதைப் பிரித்துப் பார்க்க வழியே இருக்காது.

மெயில்ல என்னென்ன எழுதணும்? ஒரு மாதிரி குடுங்க.

கீழே இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆபீஸில் ஆங்கிலத்தில்தான் அனுப்ப வேண்டும் என்றால் வரிசையை மாற்றாமல் மொழியை மட்டும் மாற்றுங்கள்.

> பொருள்: 2026-27 பட்ஜெட்: உங்கள் டீம் விவரம் தேவை, ஜனவரி 21 புதன் மாலை 4 மணிக்குள்
>
> அனைவருக்கும் வணக்கம்,
>
> 2026-27 பட்ஜெட்டுக்கு உங்கள் டீமின் தேவைகளை இணைப்பில் உள்ள எக்ஸெல் பைலில் நிரப்பி, ஜனவரி 21 புதன் மாலை 4 மணிக்குள் பட்ஜெட் ஃபோல்டரில் சேமிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஃபோல்டர் லிங்க் கீழே உள்ளது.
>
> நீங்கள் நிரப்ப வேண்டியது மஞ்சள் கட்டங்கள் மட்டும்: விவரம், எண்ணிக்கை (மாதவாரியாக), வகை, காரணம். விலை, மொத்தம், சம்பளம் ஆகியவற்றைப் பைனான்ஸ் நிரப்பும்.
>
> ஏப்ரல் முதல் நவம்பர் வரை உங்கள் டீமின் உண்மைச் செலவும், நடப்பில் உள்ள ஒப்பந்தங்களும் இரண்டாவது ஷீட்டில் இருக்கின்றன. விடுபட்டது தெரிந்தால் ஜனவரி 9க்குள் சொல்லுங்கள்.
>
> எந்தச் செலவை எந்த டீம் போட வேண்டும் என்பது மூன்றாவது ஷீட்டில் இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.
>
> ஜனவரி 8 வியாழன் காலை 11 மணிக்கு அரை மணி நேரச் சந்தேகக் கூட்டம் உண்டு. அங்கே ஒரு டீமின் பைலை முழுதாக நிரப்பிக் காட்டுவேன்.
>
> ஜனவரி 27 முதல் 30 வரை ஒவ்வொருவருடனும் தனித்தனியாக உட்கார்ந்து பார்ப்போம். குறைக்க வேண்டியது ஏதும் இருந்தால் அந்தக் கூட்டத்தில் பேசித்தான் குறைப்போம்.
>
> நன்றி.

பொருள் வரியிலேயே தேதி இருக்கட்டும், மொபைலில் பார்ப்பவர் மெயிலைத் திறக்காமலேயே தெரிந்துகொள்வார். கடைசிப் பத்தியை எடுத்துவிடாதீர்கள். நான் போடுகிற எண் என்ன ஆகும் என்பது லீடுக்குத் தெரியாவிட்டால் அவர் தற்காப்புக்குக் கூட்டித்தான் போடுவார்.

மெயில் யார் பெயரில் போகிறது என்பதும் முக்கியம். பைனான்ஸ் எக்ஸிக்யூட்டிவ் பெயரில் போனால், லீடுகளின் மேலாளர்களைச் சிசியில் வையுங்கள். லீடு ஒன்று போட, அவருடைய மேலாளர் பிறகு வேறொன்று சொல்கிற குழப்பம் அதிலேயே பாதி குறையும்.

டெம்ப்ளேட்ல எத்தனை நெடுவரிசை வைக்கலாம்?

லீடு கை வைக்க வேண்டியவை குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் பயன்படுத்தும் வரிசை இது. A டீம், B செலவுத் தலைப்பு, C விவரம், D வகை, E காரணம், F அலகு, G முதல் R வரை ஏப்ரலிலிருந்து மார்ச் வரை 12 மாத எண்ணிக்கை, S ஒரு அலகின் விலை, T மொத்தம். இதில் A, B, F மூன்றையும் நீங்களே நிரப்பி அனுப்புங்கள். S, T இரண்டும் பூட்டியிருக்க வேண்டும். T-யில் இருப்பது இவ்வளவுதான்:

```
=SUM(G5:R5)*S5
```

D-யில் மூன்றே தேர்வு: தொடர்வது, புதியது, நிற்பது. மேலே சொன்ன ஜூனோடு நிற்கும் டூல் இந்த மூன்றாவது தேர்வு இருந்தால்தான் வெளியே வரும். அது இல்லாத டெம்ப்ளேட்டில் யாரும் தானாக வந்து “இது வேண்டாம்” என்று எழுதுவதில்லை.

சப்போர்ட் டீமின் ஹெல்ப்டெஸ்க் லைசன்ஸை எடுத்துக்கொள்வோம், மாதம் ஒரு சீட்டுக்கு ரூ. 2,400 என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 14 பேர். ஜூலையில் ஒருவர், அக்டோபரில் ஒருவர் சேர்கிறார்கள். லீடு ஏப்ரல் முதல் ஜூன் வரை 14, ஜூலை முதல் செப்டம்பர் வரை 15, அக்டோபர் முதல் மார்ச் வரை 16 என்று போடுவார். கூட்டினால் 183 சீட்-மாதம், விலையால் பெருக்கினால் ரூ. 4,39,200. நாளைக்கு விற்பனையாளர் விலையை 2,600 ஆக்கினால் S-இல் ஒரு கட்டத்தை மாற்றினால் போதும், லீடிடம் மறுபடி போக வேண்டாம்.

ஒரு வாரம் டைம் கொடுத்தா போதுமா? டெட்லைனை எப்படி முடிவு பண்றது?

பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். போர்டு மார்ச் மூன்றாவது வாரம் கூடுகிறது என்றால், நிர்வாகத்துக்கு முதல் வரைவு பிப்ரவரி நடுவில் போயாக வேண்டும். அதற்கு முன் எல்லா டீமையும் சேர்த்து, சரிபார்த்து, லீடுகளுடன் உட்கார இரண்டு வாரமாவது வேண்டும். அப்படி வந்து நிற்பதுதான் ஜனவரி 21.

2026-இல் பொங்கல் ஜனவரி 15 வியாழன், மாட்டுப் பொங்கலும் உழவர் திருநாளும் வெள்ளி, சனி. ஊருக்குப் போகிறவர்கள் 14ஆம் தேதியே கிளம்பிவிடுவார்கள். ஜனவரி 16 என்று டெட்லைன் வைத்தால் யாரும் தர மாட்டார்கள், 19 திங்கள் என்று வைத்தால் ஊரிலிருந்து திரும்பிய காலையில் அவசர அவசரமாக நிரப்பிய பைல் வரும். ஜனவரி 5 திங்கள் மெயில், 21 புதன் கடைசி என்றால் விடுமுறைக்கு முன்னால் ஒரு முழு வாரமும், திரும்பி வந்தபின் இரண்டு நாளும் கையில் இருக்கும். வெள்ளி மாலை டெட்லைனை நான் வைப்பதே இல்லை. தவறினால் அது திங்களுக்குப் போய்விடும். புதன் தவறினால் வியாழன் காலையிலேயே போன் செய்து கேட்கலாம்.

டீம் லீடு சிலர் லட்சத்துல போடறாங்க, சிலர் முழு ரூபாயா போடறாங்க. ஜிஎஸ்டியும் அதே குழப்பம்.

லட்சக் குழப்பம் சாதாரணமாகக் கண்ணில் படாது என்பதுதான் ஆபத்து. ஒரு டீம் 4.5 என்று போட்டிருக்கும், இன்னொன்று 4,50,000 என்று. கூட்டும்போது முதல் டீமின் செலவு ஐந்து ரூபாய்க்குக் கீழே போய் மறைந்துவிடும், மொத்தம் மட்டும் நன்றாகத்தான் தெரியும். எண்ணிக்கை மட்டும் கேட்டால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் போய்விடும். டீம் விருந்து, பயணம் போல எண்ணிக்கையில் அடங்காத சில தலைப்புகளுக்கு மட்டும் ரூபாயில் கேட்பீர்கள். அந்த வரிகளில் F-இல் “ரூபாய்” என்றும் S-இல் 1 என்றும் போட்டு, கட்டத்தில் 1,000-க்குக் குறைவான எண்ணை ஏற்காதபடி `Data Validation` வையுங்கள். செலவில்லாத மாதத்தைக் காலியாக விடச் சொல்லிவிடுங்கள்.

ஜிஎஸ்டியை லீடு யோசிக்கவே வேண்டாம். வரிக்கு முந்தைய விலையை S-இல் நீங்கள் போடுங்கள், ஏனென்றால் கட்டிய வரியைக் கிரெடிட்டாக எடுக்கும் கம்பெனிக்கு அது செலவு அல்ல. ஆனால் உணவு, வெளி கேட்டரிங், கிளப் உறுப்பினர் கட்டணம் போன்றவற்றுக்கு ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு கிரெடிட்டைத் தடுக்கிறது (சட்டப்படி கட்டாயமாக நடத்தும் கேன்டீன் போன்ற விலக்குகள் உண்டு). அந்தத் தலைப்புகளில் வரியையும் சேர்த்த தொகைதான் செலவு. மருத்துவமனை, பள்ளி மாதிரி முக்கிய வருமானத்துக்கே ஜிஎஸ்டி விலக்கு இருக்கும் இடங்களில் கணக்கு தலைகீழ், பெரும்பாலான செலவுகளை வரியோடு சேர்த்தே போட வேண்டும்.

வருஷ லைசன்ஸை அக்டோபர்ல மொத்தமா கட்டறோம். அதை அக்டோபர்லயே போடணுமா, பிரிச்சுப் போடணுமா?

லீடு எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதை மட்டும் சொன்னால் போதும், பிரிப்பது பைனான்ஸின் வேலை. இதை மெயிலில் ஒரு வரி எழுதிவிட்டால் பாதி போன் கால் குறையும். இல்லாவிட்டால் பாதிப் பேர் அக்டோபரில் முழுத்தொகையும் மீதிப் பேர் 12 மாதத்துக்குச் சமமாகவும் போடுவார்கள்.

கணக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். கண்காணிப்பு டூல் ஒன்று, பழைய ஒப்பந்தம் வருடத்துக்கு ரூ. 3,00,000, செப்டம்பர் 30 வரை. அக்டோபர் 1 முதல் புதிய ஒப்பந்தம் ரூ. 3,60,000. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பழைய விலையில் ஆறு மாதம், 1,50,000. அக்டோபர் முதல் மார்ச் வரை புதிய விலையில் ஆறு மாதம், 1,80,000. ஆக 2026-27 செலவு ரூ. 3,30,000. ஆனால் வங்கியிலிருந்து அக்டோபரில் ரூ. 3,60,000 வெளியே போகும். முதல் எண் செலவு பட்ஜெட்டுக்கு, இரண்டாவது பணப்புழக்கத் திட்டத்துக்கு. இரண்டும் வேண்டும், இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

லேப்டாப் போன்ற சொத்துகள் இந்த ஷீட்டிலேயே வரக் கூடாது, “தேவை” என்று தனி ஷீட் வையுங்கள். அங்கும் எண்ணிக்கையும் மாதமும்தான், தேய்மானம் உங்கள் கணக்கு. ஜூலையில் சேர்பவருக்கு லேப்டாப் ஜூனிலேயே வாங்க வேண்டும் என்பதை லீடுக்கு நினைவூட்டுங்கள்.

சம்பளம் சொல்லாம ஆள் பட்ஜெட் எப்படி வாங்கறது?

இருக்கிறவர்களின் சம்பளத்தை எச்ஆர் நேராக உங்களிடம் தரட்டும், வருடாந்தர உயர்வும் அவர்கள் பக்கமே இருக்கட்டும். லீடு அதற்கும் ஒரு சதவீதம் சேர்த்தால் ஒரே உயர்வு இரண்டு முறை கணக்கில் ஏறிவிடும். லீடு சொல்ல வேண்டியது புதிய ஆள் எந்தக் கிரேடு, எந்த மாதம், ஏன் என்பதுதான். ஒவ்வொரு கிரேடுக்கும் ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு நிலைச் செலவை நீங்கள் போடுங்கள், அதில் சம்பளத்தோடு கம்பெனி கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி ஒதுக்கீடு, காப்பீடு எல்லாம் அடங்கியிருக்க வேண்டும். ஒரு டீமில் அந்தக் கிரேடில் ஒரே ஒருவர் இருந்தால் அவர் சம்பளம் வெளியே தெரிந்துவிடும், அதனால் கம்பெனி முழுமைக்குமான சராசரியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

மாதம் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கணக்கு. நிலைச் செலவு மாதம் ரூ. 60,000 என்று வைத்தால், ஜூலையில் சேர்பவருக்கு ஒன்பது மாதம், 5,40,000. அக்டோபரில் சேர்பவருக்கு ஆறு மாதம், 3,60,000. மொத்தம் ஒன்பது லட்சம். மாதம் கேட்காமல் “இரண்டு பேர் வேண்டும்” என்று மட்டும் வாங்கியிருந்தால் 14,40,000 போட்டிருப்பீர்கள், 5,40,000 அதிகம். அந்தப் பணம் வருஷம் முழுக்கச் சும்மா கிடக்கும், வேறொரு டீமின் நியாயமான கோரிக்கை அதனாலேயே வெட்டுப்பட்டிருக்கும்.

ஒரே செலவை ரெண்டு டீமும் போட்டுட்டாங்க, இன்னொண்ணை யாருமே போடல.

மெயிலில் சொன்ன மூன்றாவது ஷீட் இதற்குத்தான். செலவுத் தலைப்புக்கு நேரே பொறுப்பான டீம், அவ்வளவுதான் அதில் இருக்கும். லேப்டாப் ஐடி, ஆள்சேர்ப்பு ஏஜென்சிக் கட்டணம் எச்ஆர், பயிற்சி அந்தந்த டீம், பயணம் யார் பயணிக்கிறார்களோ அவர்கள் டீம் என்று உங்கள் கம்பெனி வழக்கப்படி எழுதுங்கள். லேப்டாப் மாதிரி வேறு டீம் வாங்கித் தருவதை லீடு “தேவை” ஷீட்டில் எண்ணிக்கையாக மட்டும் எழுதுவார், அதைத் திரட்டி ஐடிக்குக் கொடுப்பது நீங்கள். ஐடி லீடுக்கு அதனால் டெட்லைன் சில நாள் தள்ளி இருக்க வேண்டும், மற்றவர்களின் எண்ணிக்கை வந்தபின்தான் அவரால் முடிக்க முடியும்.

யாருமே போடாததைக் கண்டுபிடிக்க ஒரே வழி, இரண்டாவது ஷீட்டில் இருக்கும் எல்லா ஒப்பந்தமும் ஏதாவதொரு டீமின் பைலில் “தொடர்வது” அல்லது “நிற்பது” என்று வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது.

பைல் எல்லாம் வந்தப்புறம் சேர்க்கும்போது உடையுது.

யாரோ ஒருவர் நடுவில் ஒரு நெடுவரிசையைச் சொருகியிருப்பார், அல்லது கட்டங்களை இணைத்திருப்பார், அல்லது எண்ணுக்குப் பதிலாக “2 பேர்” என்று எழுதியிருப்பார். அனுப்பும் முன்பே மஞ்சள் கட்டங்களில் மட்டும் `Locked` குறியை எடுத்துவிட்டு `Review` → `Protect Sheet` போட்டுவிட்டால் முதல் இரண்டும் நடக்காது. மூன்றாவதுக்கு மாதக் கட்டங்களில் எண் மட்டும் ஏற்கும் `Data Validation`. ஆனால் வேறிடத்திலிருந்து காப்பி செய்து ஒட்டினால் அந்தத் தடை வேலை செய்யாது, அதனால் சேர்த்த பிறகும் ஒருமுறை பாருங்கள்.

பைல் பெயரை நீங்களே வைத்து அனுப்புங்கள், `Budget_2627_Support.xlsx` மாதிரி. எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருந்தால் `Data` → `Get Data` → `From File` → `From Folder` வழியாக ஒரே அட்டவணையாகி வரும், யாராவது திருத்தி மறுபடி சேமித்தாலும் `Refresh` போதும். மெயில் இணைப்பாக வாங்கினால் எது கடைசிப் பதிப்பு என்று தேடியே ஒரு நாள் போய்விடும்.

எல்லாருமே கூட்டித்தான் போடறாங்க. எப்படித் தெரிஞ்சுக்கறது?

காரணம் எழுதும் நெடுவரிசையில்தான் தெரியும். “வேலை அதிகமாகிறது” என்பது காரணம் ஆகாது. “இப்போது மாதம் 1,400 டிக்கெட், 14 பேர், ஆளுக்கு 100. புதிய வாடிக்கையாளர்களால் ஜூலையில் 1,500, அக்டோபரில் 1,600” என்பது காரணம், விற்பனை டீமின் கணிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அக்டோபரில் வருவதாக லீடு சொன்ன வாடிக்கையாளர்களை விற்பனை டீம் டிசம்பரில்தான் எதிர்பார்க்கிறது என்றால் பேச வேண்டியது அந்த இரண்டு மாதம் பற்றி, லீடின் நேர்மை பற்றி அல்ல.

வேறு அடையாளங்களும் உண்டு. பயணத்துக்கு 12 மாதமும் ஒரே தொகை, எல்லாம் முழு ஆயிரங்களில், மார்ச்சில் திடீரென்று ஒரு பெரிய தொகை. ஆனால் கூட்டிப் போடும் பழக்கத்தை உண்டாக்குவது பெரும்பாலும் நாம்தான். எல்லா டீமையும் ஒரே மாதிரி பத்து சதவீதம் வெட்டினால், உண்மையாகப் போட்டவருக்குத்தான் அடி. அடுத்த வருஷம் அவரும் கூட்டிப் போடுவார். எதிர்பாராச் செலவுக்கு ஒரு தொகையை நிர்வாகத்தின் கையில் தனியாக வைத்துவிட்டு, டீம் பைலில் அதைச் சேர்க்க வேண்டாம் என்று மெயிலிலேயே சொல்லுங்கள். வெளிப்படையான ஒரு தொகை இருக்கிறது என்று தெரிந்தால் ஒளித்துவைக்கும் தேவை குறையும்.

டெட்லைன் தாண்டியும் அனுப்பாதவங்களை என்ன பண்றது?

19ஆம் தேதி காலையில் ஒரு நினைவூட்டல், இன்னும் தராதவர்களுக்கு மட்டும். எல்லாருக்கும் அனுப்பினால் கொடுத்துவிட்டவர்கள் எரிச்சலாவார்கள், கொடுக்காதவர் தனக்கில்லை என்று நினைத்துக்கொள்வார். 22ஆம் தேதி போன், அதிலேயே திரையைப் பகிர்ந்து சேர்ந்து நிரப்புங்கள். அவர் தாமதிப்பது பெரும்பாலும் சோம்பலால் இல்லை, ஏதோ ஒரு வரி புரியாமல் பைலை மூடி வைத்திருப்பார்.

அதற்கும் வரவில்லையா? நடப்பு ஒப்பந்தங்களை மட்டும் தொடர்வதாக வைத்து, புதிய ஆள், புதிய செலவு எதுவும் இல்லாமல் அந்த டீமின் பட்ஜெட்டைப் போட்டு, லீடுக்கும் அவர் மேலாளருக்கும் அனுப்பி, “இதுதான் வரைவில் போகிறது” என்று எழுதுங்கள். அன்று மாலையே பதில் வரும்.

மேலிடம் மொத்தத் தொகையை ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாங்க. இப்பவும் இந்த மெயில் அனுப்பணுமா? அதை லீடுகிட்ட சொல்லலாமா?

அனுப்ப வேண்டும், ஆனால் தொகையைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். மறைத்துவைத்து எல்லாரையும் இரண்டு வாரம் வேலை வாங்கி, பிறகு “இதற்குள் அடக்குங்கள்” என்று திருப்பி அனுப்பினால் அடுத்த வருஷ மெயிலை யாரும் மதிக்க மாட்டார்கள். டீம்வாரியான தொகையைச் சொல்ல அனுமதி இல்லாவிட்டால், குறைந்தபட்சம் மொத்தத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறது என்றாவது எழுதிவிடுங்கள்.

அப்போது கேள்வியும் கொஞ்சம் மாறும். தொடர்வதைத் தனியாக வாங்கிவிட்டு, “புதியது” என்று வரும் வரிகளுக்கு 1, 2, 3 என்று முன்னுரிமை எண் கேளுங்கள், கூடவே அது கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்று ஒரு வரி. சப்போர்ட் லீடு ஜூலை ஆளுக்கு 1, அக்டோபர் ஆளுக்கு 2, பயிற்சிக்கு 3 போட்டு, இரண்டாவதுக்கு நேரே “அக்டோபருக்குப் பிறகு பதில் கொடுக்கும் நேரம் நான்கு மணியிலிருந்து ஆறு மணியாகும்” என்று எழுதியிருந்தால், அந்த 3,60,000 ரூபாயை வெட்டலாமா என்பது நிர்வாகம் தெரிந்தே எடுக்கும் முடிவாகிறது. வெட்டினால் அந்த ஆளோடு சேர்ந்து ஆறு மாத ஹெல்ப்டெஸ்க் சீட்டும் (ரூ. 14,400) லேப்டாப்பும் போக வேண்டும். அதை அடித்துவிட்டு, திருத்திய பைலை மார்ச் முடிவதற்குள் லீடுக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.